பிப்ரவரி முதல் வாடகை 900 ரூபாய் கூடும் என்று குடியிருப்பவருக்கு எழுதுவது எப்படி?

"சென்னை நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,000 தனி. அதை அவர்களே அசோசியேஷனுக்குக் கட்டிவிடுகிறார்கள். 2022-லிருந்து ஒரே குடும்பம், இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இதுவரை வாடகை ஏற்றவே இல்லை. இப்போதைய 11 மாத அக்ரிமென்ட் 2026 ஜனவரி 31-ல் முடிகிறது. பிப்ரவரியிலிருந்து 900 ரூபாய் ஏற்ற நினைக்கிறேன். சொத்து வரி 3,300-லிருந்து 3,498 ஆகிவிட்டது, லிஃப்டுக்கும் வெளிப்புறப் பெயின்டுக்கும் என் பங்காக 30,000 கட்டினேன். நல்ல மனுஷர்கள், மனம் கோணக்கூடாது. எத்தனை நாள் முன்னால், என்ன காரணம் சொல்லி, எப்படி எழுதுவது?"

எழுத உட்காரும் முன் அக்ரிமென்டை எடுத்து, வாடகை உயர்வு பற்றி அதில் ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். "புதுப்பிக்கும்போது 5 சதவீதம் உயர்த்தப்படும்" என்று இருந்தால், நீங்கள் எழுதுவது ஒப்புக்கொண்ட ஒன்றின் நினைவூட்டல்தான். அப்படி எதுவும் இல்லையென்றால் அது உங்கள் தரப்பிலிருந்து போகும் புதிய கோரிக்கை, அதற்கேற்ற பணிவோடு எழுத வேண்டும். எப்படி இருந்தாலும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏற்ற முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு விட்ட வீட்டில், எவ்வளவு ஏறும் அல்லது எப்படிக் கணக்கிடுவது என்று அக்ரிமென்டே சொல்லியிருந்தால் ஒழிய, அந்தக் காலம் முடியும்வரை பழைய வாடகைதான். நீங்கள் ஜனவரி 31 முடிந்து பிப்ரவரியிலிருந்து கேட்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

எத்தனை நாள் முன்னால் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அக்ரிமென்டில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், உயர்த்திய வாடகை கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது அது. பலரும் ஒரு மாதம் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலி செய்வதற்கான ஒரு மாத நோட்டீஸ், இரண்டு மாத நோட்டீஸ் என்று அக்ரிமென்டில் இருப்பதை வாடகை உயர்வுக்கும் சேர்த்துப் படித்துவிடுவதால் வரும் குழப்பம் இது. இரண்டும் வேறு வேறு.

உங்கள் வீட்டில் வாடகை 5-ஆம் தேதிக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டால், உயர்ந்த வாடகை முதலில் கொடுக்க வேண்டிய நாள் 2026 பிப்ரவரி 5. கண்டிப்பாகக் கணக்குப் போட்டால் நவம்பர் 5 வரை நேரம் இருக்கிறது. அப்படி விளிம்பில் போய் நிற்காதீர்கள்; அக்டோபர் 31-க்குள் அவர் கையில் இருக்கட்டும். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய வாரம் போனஸ், துணிமணி, ஊருக்குப் போகிற செலவு என்று ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம், அப்போது வேண்டாம். தீபாவளி முடிந்து அக்டோபர் 24, 25 வாக்கில் கொடுப்பது சரியாக இருக்கும்.

மூன்று மாதம் என்பதற்கு நம் ஊர் வழக்கத்திலும் ஒரு பயன் உண்டு. அவர் ஒருவேளை வேறு வீடு பார்ப்பதாக இருந்தால், மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை போய்விடும். டிசம்பர் கடைசியில் சொன்னால் அவருக்கு உண்மையில் கிடைப்பது தை மாதத்தின் இரண்டு வாரம் மட்டுமே. அக்டோபரில் சொன்னால் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் பார்த்து, தை பிறந்ததும் மாறலாம். பிள்ளைகள் பள்ளியில் படிப்பதால் பிப்ரவரியில் மாறுவது அவர்களுக்கு இன்னும் கஷ்டம், ஆண்டுத் தேர்வு நெருங்கும் சமயம். இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே கடிதத்தில் ஒரு வரியாக வரும்.

அடுத்தது காரணங்கள். இங்கேதான் நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் கடிதங்களும் சறுக்குகின்றன. "சொத்து வரி ஏறிவிட்டது, அதனால் வாடகை 900 ஏறுகிறது" என்று எழுதினால், அவரும் கணக்குத் தெரிந்தவர்தான், போட்டுப் பார்ப்பார். உங்கள் வரி அரையாண்டுக்கு 3,300-லிருந்து 3,498 ஆகியிருக்கிறது; 2024-ல் மாநகராட்சி கொண்டுவந்த 6 சதவீத உயர்வு அது. அரையாண்டுக்கு 198 என்றால் வருடத்துக்கு 396. மாதத்துக்கு 33 ரூபாய். 900 ரூபாய்க்கு 33 ரூபாயைக் காரணமாகக் காட்டினால் மீதி 867 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர் மனதில் நிற்கும். வாய் திறந்து கேட்க மாட்டார். ஆனால் அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

லிஃப்ட், வெளிப்புறப் பெயின்டுக்குக் கட்டிய 30,000 உண்மையான செலவு. அது அடிக்கடி வருவதல்ல. ஐந்து வருடத்துக்கு என்று பரப்பினால் 60 மாதம், மாதத்துக்கு 500 ரூபாய். வரியையும் சேர்த்தால் 533. ஆக 900-ல் 533-க்கு நேரடிக் கணக்கு இருக்கிறது. மீதி 367-க்கு இருக்கும் நேர்மையான காரணம், 2022-லிருந்து வாடகை மாறவே இல்லை என்பது. அதை அப்படியே சொல்லிவிடலாம். மூன்று வருடம் ஏற்றாத ஓனர் 5 சதவீதம் கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெரிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மெயின்டனன்ஸ் உயர்வை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். அதை அவர்தான் அசோசியேஷனுக்குக் கட்டுகிறார். அது 2,000-லிருந்து ஏறினாலும் சுமை அவருடையது. அதைக் காட்டி வாடகையையும் ஏற்றினால் ஒரே செலவுக்கு இரண்டு முறை கேட்டதாகிவிடும்.

அதேபோல, வீட்டுக்குள் செய்த வேலைகளைச் சலுகை மாதிரி எழுதுவதும் வேண்டாம். சட்டத்தின் அட்டவணையிலேயே யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாயின் வாஷர், கீசர் பழுது, சுவிட்ச், பிளக், கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு; அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. "உங்களுக்காகப் பைப் மாற்றிக் கொடுத்தேனே" என்று எழுதினால், அது எப்படியும் உங்கள் வேலைதானே என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. புதிதாக ஏதாவது கூட்டிக் கட்டியிருந்தால், உதாரணமாக பால்கனிக்கு கிரில் அடைப்பு, அதற்காக வாடகை ஏற்றலாம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே அவரோடு பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முடிந்தபிறகு பில்லை நீட்டுவது செல்லாது.

இன்னொன்று, "பக்கத்துத் தெருவில் இதே மாதிரி வீடு 23,000-க்குப் போகிறது" என்ற வரி. உண்மையாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். படிப்பவருக்கு அது "வேண்டாம் என்றால் கிளம்பு" என்றுதான் கேட்கும். நீங்கள் சொல்ல வருவதும் அது இல்லை. வருடாவருடம் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் இன்று 20,837 ஆகியிருக்கும் என்ற கணக்கும் அப்படித்தான். அது உங்கள் மனதோடு இருக்கட்டும். அவர் பேரம் பேசும்போது உங்களுக்குத் தைரியம் கொடுக்க உதவும், கடிதத்தில் எழுதினால் பழைய கடனைச் சொல்லிக்காட்டுவது போலாகும்.

900 என்ற தொகை சரிதானா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இதைப் பாருங்கள். அவர் காலி செய்து வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் உங்களுக்கு நஷ்டம் 18,000. அது 20 மாத உயர்வுக்குச் சமம். உள்ளே பெயின்ட், புதிய ஆள் பிடிக்க புரோக்கர் கமிஷன் என்று சேர்த்தால் இரண்டரை, மூன்று வருட உயர்வு போய்விடும். எனவே சரியான தேதிக்கு வாடகை தரும் குடும்பத்திடம் 5 சதவீதத்தில் நிற்பது பெருந்தன்மை மட்டுமல்ல, கணக்கிலும் சரி. 10 சதவீதம் கேட்டுவிட்டு 5-க்கு இறங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். முதலில் 1,800 என்று கண்ணில் பட்டதுமே அவர் வீடு தேட ஆரம்பித்துவிடக்கூடும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"25 அக்டோபர் 2025

வணக்கம் சார். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நம் அக்ரிமென்ட் 2026 ஜனவரி 31-ல் முடிகிறது. தொடர்ந்து நீங்களே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். புதிய அக்ரிமென்டில் மாத வாடகையை 18,000 ரூபாயிலிருந்து 18,900 ரூபாயாக (900 ரூபாய், 5 சதவீதம்) உயர்த்த வேண்டியிருக்கிறது. 2026 பிப்ரவரி மாதத்து வாடகையிலிருந்து, அதாவது பிப்ரவரி 5-க்குள் நீங்கள் தரும் தொகையிலிருந்து, இது நடைமுறைக்கு வரும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குப் பழைய 18,000-தான்.

2022-லிருந்து வாடகையை மாற்றவில்லை. இந்த வருடம் லிஃப்டுக்கும் வெளிப்புறப் பெயின்டுக்கும் எங்கள் பங்காக 30,000 ரூபாய் கட்டினோம். சொத்து வரியும் சற்று ஏறியிருக்கிறது. இவைதான் காரணம்.

அட்வான்ஸ் தொகையில் மாற்றம் இல்லை. மெயின்டனன்ஸ் இப்போது போலவே நீங்கள் அசோசியேஷனுக்குக் கட்டலாம். புதிய அக்ரிமென்ட் முடியும்வரை வாடகை மறுபடி ஏறாது.

இது பற்றிப் பேச வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். உங்கள் முடிவை நவம்பர் 20-க்குள் சொன்னால் அக்ரிமென்ட் வேலையைத் தொடங்க வசதியாக இருக்கும். ஒருவேளை வேறு வீடு பார்ப்பதாக இருந்தாலும், பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை இருக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்."

இதில் சில வரிகள் வெறும் மரியாதைக்கு வந்தவை அல்ல. "பிப்ரவரி 5-க்குள் தரும் தொகையிலிருந்து" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சில வீடுகளில் 5-ஆம் தேதி தருவது அந்த மாதத்து வாடகை, சில வீடுகளில் முடிந்த மாதத்து வாடகை. "புது வருஷத்திலிருந்து", "தையிலிருந்து" என்று பொதுவாக எழுதினால் நீங்கள் ஒரு மாதத்தையும் அவர் வேறு மாதத்தையும் நினைத்துக்கொள்வீர்கள். 900 ரூபாய்க்காக முதல் மாதமே முகம் சுளிக்க நேரும். மாதத்தின் பெயர், தேதி, தொகை மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது. உங்கள் வீட்டில் முடிந்த மாதத்து வாடகைதான் 5-ஆம் தேதி வருகிறது என்றால், பிப்ரவரி மாத வாடகை மார்ச் 5 அன்று வரும். அதற்கேற்ப அந்த வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் பற்றிய வரியும் தேவை. வாடகை ஏறினாலே அட்வான்ஸும் ஏறுமோ என்ற பயம் குடியிருப்பவருக்கு முதலில் வரும். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்று வாங்கியிருந்தால், 900 உயர்வுக்கு இன்னும் 9,000 கேட்பார்களோ என்று யோசிப்பார். மாற்றம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும். உங்களுக்கும் திருப்பித் தர வேண்டிய தொகை கூடாது.

தேர்வு பற்றிய கடைசி வரியை எழுதினால் மனதாரச் செய்யவும் தயாராக இருங்கள். அவர் வேறு வீடு போக முடிவு செய்து ஏப்ரல் வரை கேட்டால், பிப்ரவரியிலிருந்து புதிய வாடகையில் இருப்பாரா, பழையதிலா என்று அப்போதே பேசி ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் எழுதாமல் காலம் கடந்தால், முடிந்த அக்ரிமென்ட் அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான்.

கொடுக்கும் விதம் பற்றி. படிக்கட்டில் பார்த்தபோது வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது, சட்டம் எழுத்தில் கேட்கிறது. என் யோசனை, முதலில் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "ஒரு லெட்டர் கொண்டுவருகிறேன், வாடகை பற்றி, பெரிதாக ஒன்றும் இல்லை." பிறகு நேரில் போய்க் கடிதத்தைக் கொடுத்து, உங்கள் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், இருவரிடமும் பதிவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு நீல டிக் வந்ததே என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் கையெழுத்திட்ட தாள்தான் சுலபமாக நிற்கும். நீங்கள் வெளியூரில் இருந்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். தபால் போய்ச் சேரும் நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும்.

அவர் பதிலே சொல்லாமல் இருந்தால்? உயர்வு நோட்டீஸ் கிடைத்தும் காலி செய்வதாக நோட்டீஸ் தராவிட்டால், அந்த உயர்வை ஏற்றதாகவே சட்டம் கருதுகிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். நவம்பர் 20 தாண்டியதும் ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் "600 ஏற்றிக்கொள்ளுங்கள் சார்" என்று கேட்டால், உங்களால் முடிந்தால் இறங்கலாம். அல்லது 900 அப்படியே இருக்க, நடைமுறைக்கு வருவதை இரண்டு மாதம் தள்ளி ஏப்ரலிலிருந்து என்று வைக்கலாம். தள்ளிப்போடுவதால் உங்களுக்குப் போவது மொத்தமே 1,800 ரூபாய். 600-க்கு இறங்கினால் மாதம் 300 வீதம் 11 மாதத்தில் 3,300 போகும், அடுத்த உயர்வும் குறைந்த தொகையிலிருந்துதான் தொடங்கும். எது முடிவானாலும் அன்றே "நாம் பேசியபடி வாடகை இவ்வளவு, இந்த மாதத்திலிருந்து" என்று ஒரு செய்தி அனுப்பி அவரிடம் "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். கொஞ்சமும் ஒத்துவரவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க இருவருக்கும் வழி இருக்கிறது. உயர்வு எவ்வளவு என்பதை அவர் தீர்மானிக்கலாம். அந்த நிலையிலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதை மட்டும் யார் சொன்னாலும் மறக்காதீர்கள்.

ஒப்புக்கொண்டபின் டிசம்பரிலேயே புதிய அக்ரிமென்டைத் தயார் செய்யுங்கள். பழையதை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது உள்ளே எங்காவது 18,000 என்று தங்கிவிடும், பெரும்பாலும் வாடகை பாக்கி அல்லது காலி செய்வது பற்றிய பத்தியில். எண்ணிலும் எழுத்திலும் எல்லா இடத்திலும் 18,900 என்று இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து படியுங்கள். இந்த முறை உயர்வு பற்றி ஒரு வரியையும் சேருங்கள்: "புதுப்பிக்கும்போது 5 சதவீதம், மூன்று மாத முன்னறிவிப்போடு." அடுத்த வருடம் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது. கையெழுத்தானதும் tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒரு சின்ன விஷயம். அவர் சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக்குக் கணக்குக் காட்டுபவராக இருந்தால், பெரும்பாலான அலுவலகங்கள் ஜனவரி வாக்கில் ரசீது கேட்கும். அந்த நிதியாண்டுக்கு 10 மாதம் 18,000, இரண்டு மாதம் 18,900, மொத்தம் 2,17,800. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் உங்கள் பான் எண்ணும் அவருக்குத் தேவைப்படும். கேட்கும் முன்பே இந்தக் கணக்கோடு ரசீதைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.